வாடகைக்குப் பில் வரும், ரீச்சருக்கு வராது



போன கிழமை எங்கள் பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து எடுத்துக் கேட்டார். "ரீச்சர், நீங்கள் லண்டனிலை நிக்கேக்கை போய்வந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஏதாவது செய்யப் பார்க்கிறம். புத்தகம் வாங்கிக் குடுத்தால் நல்லதுதானே?" என்று. வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கியிருக்கும், தொலைபேசியிலேயே தெரிந்தது. ஏன் வேண்டாம் என்றேன் என்பதை ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் என் நீளமான பாடங்களைப் பொறுத்த நீங்கள் இதையும் பொறுப்பீர்கள்.

மகள் வீட்டில் ஆறு மாதம் நின்றேன். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். கூட்டிப் போய் விட்டுவிட்டு வாசலில் நிற்பதை விட உள்ளே இருக்கலாமே என்று ஒரு தவணை முழுக்க, பதினொரு சனிக்கிழமை, அரிவரி வகுப்பில் ஒத்தாசையாக இருந்தேன். (வருகை வீசாவில் வந்த ஒருவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் ஊதியமில்லாத தொண்டு செய்யலாம், அதுவும் மொத்தம் 30 நாளுக்கு மேற்படாமல். பதினொரு நாள்தானே என்று மருமகன் எண்ணிப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார்.) அந்தப் பழக்கத்தில் பொருளாளர் தம்பி ஒரு நாள் கணக்குக் கொப்பியை என்னிடம் நீட்டினார். "ரீச்சர், நீங்கள் அதிபராய் இருந்தனீங்கள், ஒருக்கால் பாருங்கோ" என்றார். நான் அதிபராக இருந்ததில்லை, ஒரு வருஷம் பதில் கடமை பார்த்ததுதான். ஆனாலும் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். வெளிநாட்டில் உள்ள எந்தத் தமிழ்ப் பள்ளியிலும் இந்தக் கதை ஏதோ ஒரு விதத்தில் இருக்கும்.

பதிவில் 72 பிள்ளைகள், ஆறு வகுப்புகள், ஆறு ரீச்சர்மார், உதவிக்கு இரண்டு இளம்பிள்ளைகள். வருஷத்துக்கு 33 சனிக்கிழமை. சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு அரச இடைநிலைப் பாடசாலையில் ஆறு வகுப்பறையும் பெரிய மண்டபமும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். வகுப்பு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான், ஆனால் ஒன்பதரைக்குக் கதவு திறந்து ஒன்றரைக்குப் பூட்டுவதால் நாலு மணித்தியாலத்துக்குக் காசு. வகுப்பறைக்கு மணித்தியாலம் 10 பவுண், மண்டபத்துக்கு 30. கிழமைக்கு 360 பவுண் வரும், வருஷத்துக்கு 11,880. ரீச்சர்மாருக்கு ஒரு சனிக்கிழமைக்கு 25 பவுணும் உதவியாளருக்கு 10 பவுணும் கௌரவ ஊதியம் என்று கொடுக்கிறார்கள். அது வருஷத்துக்கு 5,610. புத்தகம், கொப்பி, போட்டோகொப்பி எல்லாம் சேர்த்து 1,300. காப்புறுதி முதலிய சில்லறைகள் 500. ஆக 19,290 பவுண்.

இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். நூறு பவுண் செலவானால் அறுபதுக்கு மேல் கட்டடத்துக்குப் போகிறது, முப்பதுக்குக் கிட்ட ரீச்சர்மாருக்கு, ஏழு பவுண்தான் புத்தகம் பேப்பருக்கு. நாங்கள் வெளியில் நின்று உதவி செய்ய நினைக்கும்போது கண்ணில் படுவது அந்த ஏழு பவுண் மட்டும்தான்.

பிரச்சினை தொடங்கியது ஒரு கடிதத்தில். வாடகைக்குக் கொடுக்கும் பாடசாலை அடுத்த கல்வியாண்டுக்குக் கட்டணத்தைக் கூட்டியிருந்தது. வகுப்பறை 12 பவுண், மண்டபம் 36. கேட்கும்போது இரண்டு பவுண், ஆறு பவுண் என்று சின்னதாகத் தெரியும். கிழமைக்கு 72 பவுண் கூடுகிறது, வருஷத்துக்கு 2,376.

நிர்வாகக் குழு கூடியது. ரீச்சர்மாரின் 25 பவுணை 15 ஆக்குவது, உதவியாளரின் 10 பவுணை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். அதில் 2,640 மிச்சம் வரும், வாடகை உயர்வு அப்படியே அடைபட்டுவிடும். கணக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. ரீச்சர்மாருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனது, கீழே கும்பிடு போடும் படம் ஒன்றோடு.

நான் பொருளாளர் தம்பியிடம் கேட்டேன், ஏன் முதல் கை அங்கே போனது என்று. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "ரீச்சர், வாடகை கட்டாட்டி அவங்கள் கதவு திறக்கமாட்டாங்கள். இன்சூரன்ஸ் இல்லாட்டி உள்ளுக்கே விடமாட்டாங்கள். ரீச்சர்மார் எங்கடை ஆக்கள், விளங்கிக்கொள்ளுவினம்."

நல்ல பிள்ளை. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு இரவில் இருந்து இந்தக் கணக்கை எழுதுகிறவர், ஒரு சதம் எடுக்காதவர். ஆனால் அவர் சொன்னதுதான் எல்லாத் தமிழ்ப் பள்ளியிலும் நடக்கும் பிழை. வாடகைக்குப் பில் வருகிறது. காப்புறுதிக்குப் பில் வருகிறது. ரீச்சருக்கு மட்டும் பில் வராது. ஆகவே பட்ஜெட்டில் கைவைக்கக் கூடிய ஒரே வரி அதுதான் என்று தோன்றிவிடுகிறது.

அந்த 25 பவுண் என்ன காசு என்று பார்ப்போம். அரிவரி ரீச்சர் இரண்டு பஸ் மாறி வருகிறா. ஒன்பதரைக்கு வந்தால் ஒன்றரைக்குத்தான் போவா. வெள்ளிக்கிழமை இரவு எழுத்து அட்டை வெட்டுவது, படம் நிறம் தீட்டுவது எல்லாம் கணக்கில் இல்லை. நாலு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஆறே கால் பவுண். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குச் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. ஆகவே அந்த 25 பவுணைச் சம்பளம் என்று சொன்னால் அது பாதிச் சம்பளம். சம்பளம் இல்லை, மரியாதை என்று சொன்னால், மரியாதையை வாட்ஸ்அப்பில் குறைக்க முடியாது. அந்த ரீச்சர் என்னிடம் சொன்னது இது: "காசு எனக்குப் பெரிசில்லை ரீச்சர். என்னைக் கேக்காமல் குறைச்சுப்போட்டினம்."

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது, அது எனக்கும் புதிது. கௌரவ ஊதியம் என்று பெயர் வைத்துவிட்டால் அது சட்டத்துக்கு வெளியே போய்விடும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படியில்லை. ஒருவர் உண்மையில் செலவழித்த பஸ் காசையும் பேப்பர் காசையும் பற்றுச்சீட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் அவர் தொண்டர். ஒவ்வொரு கிழமையும் வரவேண்டும், வந்தால் இவ்வளவு என்று நிலையான தொகை கொடுத்தால், கவருக்கு மேல் என்ன பெயர் எழுதினாலும், அவரைக் கூலிக்கு வேலை செய்பவராகப் பார்க்க இடமுண்டு. பிள்ளைகளோடு பழகும் எல்லோருக்கும் டிபிஎஸ் என்ற குற்றப்பின்னணிச் சோதனை செய்ய வேண்டும். ஊதியமில்லாத தொண்டருக்கு அரசு அதற்குக் கட்டணம் எடுப்பதில்லை. ஊதியம் வாங்குகிறவருக்கு, பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கான கூடுதல் சோதனையென்றால், 2025இல் 49.50 பவுணாக இருந்தது. இந்தப் பள்ளியில் எல்லோரையும் தொண்டர் என்று எழுதிச் சோதனையை இலவசமாகச் செய்துவிட்டு, மாத முடிவில் கவரில் காசும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கள்ளம் என்று நினைத்து யாரும் செய்யவில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதில் எனக்கு நெஞ்சு திடுக்கிட்ட இடம் ஒன்று. உதவிக்கு நின்ற பிள்ளைகளில் ஒருத்தி ஊரிலிருந்து வந்து இரண்டு வருஷம். அவளின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அந்த நிலையில் உள்ளவர்கள் தொண்டு நிறுவனங்களில் ஊதியமில்லாமல் உதவலாம், பயணச் செலவைப் பெற்றுக்கொள்ளலாம். அனுமதி இல்லாமல் கூலி வேலை செய்யக்கூடாது. அவளுக்கும் கிழமைக்குப் பத்துப் பவுண் கவரில் போய்க்கொண்டிருந்தது. பாவம் பிள்ளைக்குக் கைச்செலவுக்கு ஆகட்டும் என்று நல்ல மனத்தோடு கொடுத்த காசு. அவளும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கியிருக்கிறாள். அந்தப் பத்துப் பவுணை யாராவது ஊதியம் என்று ஒரு கடதாசியில் எழுதினால் அவளின் வழக்குக்கு என்ன ஆகும் என்று குழுவில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பொருளாளர் தம்பிக்கு அன்றைக்கே சொன்னேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து பஸ் பற்றுச்சீட்டுக்கு மட்டும் காசு, கையெழுத்தோடு. காசைக் குறைக்க எடுத்த முடிவைப் பிழை என்ற நான் இந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

என் அபிப்பிராயம், ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். செலவுக் காசு மட்டும் போதும் என்பவர் இருப்பார், அவருக்குப் பற்றுச்சீட்டுப் பார்த்துக் கொடுங்கள். ஊதியம் வேண்டும் என்பவருக்குச் சட்டப்படி ஊதியமாகவே கொடுங்கள், சோதனைக் கட்டணத்தையும் பள்ளியே கட்டட்டும். இரண்டுக்கும் நடுவில் கவர் வேண்டாம். ஊதியத்தை அந்த 12.21 பவுண் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உயர்த்தினால் ஒரு ரீச்சருக்குக் கிழமைக்கு 49 பவுண் வரும். ஆறு பேரும் அதைக் கேட்டால் பள்ளி தாங்காது, உண்மை. ஆனால் கேட்டுப் பார்த்தபோது இரண்டு பேர்தான் ஊதியம் என்றார்கள். மற்ற நாலு பேரும் "பஸ் காசும் பேப்பர் காசும் தந்தால் போதும்" என்றார்கள். இரண்டு பேருக்கு 98 பவுண், நாலு பேருக்குச் செலவு ஏறத்தாழ 40, உதவியாளருக்கு பஸ் காசு ஏழு எட்டு. முன்பு கொடுத்த 170ஐ விடக் குறைவு. கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இனி வாடகைக்கு வருகிறேன். மாற்ற முடியாதது என்று எல்லோரும் தொடாமல் விட்ட வரி அதுதான், ஆனால் அதில்தான் இடம் இருந்தது.

பதினொரு சனிக்கிழமையும் அந்த மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். பத்து மணிக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்று கடவுள் வாழ்த்துப் பாடுவார்கள், இரண்டு அறிவித்தல், பிறகு வகுப்புக்குப் போய்விடுவார்கள். பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகு மூன்றேகால் மணித்தியாலம் அந்த மண்டபத்தில் பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மூலையில் கதிரை இழுத்துப் போட்டு இருப்பார்கள். தேத்தண்ணி, கதை. முந்நூறு பேர் கொள்ளும் மண்டபம். புதிய விலையில் அந்த மண்டபத்துக்கு வருஷம் 4,752 பவுண். ரீச்சர்மாரிடம் பறிக்கப் பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட.

ஆனால் வெட்டிவிடு என்று சொல்வதும் எனக்குச் சுலபமாக இல்லை. அந்த மூலையில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஒரு தாய்க்கு எந்த டொக்டரிடம் பதிய வேண்டும், வீட்டு வரிக்குக் கழிவு எப்படி எடுப்பது என்று அங்கேதான் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் தை மாதக் குளிரில் எங்கே நிற்பார்கள்? நிற்க இடமில்லை என்றால் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவார்கள், இரண்டு கிழமைக்குப் பிறகு பிள்ளையையும் கூட்டி வரமாட்டார்கள். இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் சொன்னேன். மண்டபத்தை விட்டுவிட்டு ஏழாவது வகுப்பறை ஒன்றைப் பெற்றோருக்கு எடுங்கள், வருஷம் 1,584 பவுண். வாழ்த்தை அவரவர் வகுப்பிலேயே பாடட்டும், ஊரில் மழை நாளில் நாங்கள் செய்ததுதானே. மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் இரண்டு மணித்தியாலம் மண்டபத்தை எடுத்து எல்லோரும் கூடட்டும். அப்படி ஒன்பது நாள், 648 பவுண். இவ்வளவும் போக 2,520 பவுண் மிஞ்சுகிறது. வாடகை உயர்வு 2,376தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கத் தொடங்கியதும் ஒருவர், நாலு மணித்தியாலம் ஏன், மூன்றரை எடுத்தால் போதுமே என்றார். அது வேண்டாம். ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் ரீச்சர்மார் மேசை நகர்த்துகிறார்கள், ஒரு மணிக்குப் பிறகு அதை இருந்தபடியே வைத்து வெண்பலகையைத் துடைக்கிறார்கள். திங்கட்கிழமை அந்த அறைக்கு வரும் ஆங்கில ரீச்சர் தன் மேசையில் மாஜரீன் கறையையோ இடம் மாறிய கொப்பியையோ கண்டால் முறைப்பாடு போகும். மூன்று முறைப்பாடு வந்தால் அடுத்த வருஷம் அறை கிடைக்காது. வாடகை ஒப்பந்தத்தில் நேரம் தாண்டி நின்றால் மேலதிகக் கட்டணமும் இருந்தது. அந்த அரை மணித்தியாலம் வீண் செலவு இல்லை. ஒப்பந்தத்தை முழுக்க வாசித்துப் பார்த்ததில் இன்னொன்றும் கண்டேன்: பதினான்கு நாளுக்கு முன்பு அறிவித்தால் ஒரு சனிக்கிழமையைக் காசில்லாமல் நிறுத்தலாம். அதை ஒருவரும் பயன்படுத்தவில்லை. அரைத்தவணை விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றுக்குப் பிள்ளைகள் பாதிப்பேர்தான் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தும் முழு வாடகை கட்டியிருக்கிறார்கள்.

பெரிய வகுப்பைப் பற்றியும் ஒரு சண்டை வந்தது. அதில் நாலே நாலு பிள்ளைகள். ஒரு அறை, ஒரு ரீச்சர். அரிவரியில் பத்தொன்பது பேர். நாலு பேருக்கு ஒரு வகுப்பு நட்டம், அதை மூடுங்கள் என்று ஒரு தகப்பன் சொன்னார். அவரின் பிள்ளை அரிவரியில். நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு பேரும் அரிவரியில் பதினெட்டுப் பேராக இருந்தவர்களின் மிச்சம். மேல் வகுப்பு இல்லை என்று தெரிந்தால் நடு வகுப்பில் உள்ளவர்கள் ஒரு வருஷம் முந்தியே நிற்பார்கள், அதற்குக் கீழே உள்ளவர்கள் அதற்கும் முந்தி. ஒவ்வொரு வகுப்பும் தன் செலவைத் தானே உழைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் கடைசியில் அரிவரி மட்டும்தான் மிஞ்சும். அந்த நாலு பேரையும் பெற்றோர் அறையின் ஒரு பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். நாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் தாய்மாருக்கு முன்னால் தமிழில் வாய் திறப்பார்களா?

இப்போது வரவுப் பக்கம். சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பிள்ளைக்குத் தவணைக்கு 90 பவுண், இரண்டாவதுக்கு 75. பதிவில் உள்ள 72 பேரும் மூன்று தவணையும் கட்டினால் 18,450 வரும், கலைவிழாவில் ஆயிரம் மிஞ்சும், செலவுக்குச் சரி. பட்ஜெட் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் வந்தது 16,665. புரட்டாதியில் 72 பேர், தைக்குப் பிறகு 66, சித்திரைக்குப் பிறகு 57. வெயில் வந்தால் பிறந்தநாளும் கலியாணமும் கிரிக்கெட்டும் சனிக்கிழமையில்தான் வரும். இது ஒரு வருஷத்துக் கதை இல்லை, பழைய கொப்பிகளைப் புரட்டினேன், நாலு வருஷமும் இதே சரிவு. அப்படியென்றால் வருஷத் தொடக்கத்தில் 72 என்று எழுதுவது கணக்கு இல்லை, ஆசை. சராசரி 65. அறுபத்தைந்தை வைத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு வருஷம் 297 பவுண் செலவாகிறது. கட்டுவது 270, இரண்டாவது பிள்ளைக்கு 225.

கட்டணத்தைக் கூட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று பிள்ளைகளோடு வருகிற குடும்பங்களைத் தெரியும். தவணைக்குத் தவணை கவரில் வாங்குவதை நிறுத்தி, வருஷக் கட்டணத்தைப் பத்து மாதமாகப் பிரித்து மாதம் 27 பவுண் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்யச் சொன்னேன். மூன்றாம் தவணையில் பிள்ளை இரண்டு கிழமை வராவிட்டாலும் காசு வரும். காசு போகிறதே என்று பிள்ளையும் வரும், இது என் அனுபவம். கட்ட முடியாதவர் பொருளாளர் ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும், கூட்டத்தில் பெயர் வரக்கூடாது.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன், கனடாத் தம்பி காத்திருக்கிறார்.

கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 1,150 பவுண் என்று ஒரு தொகை தனியாக இருந்தது. இவ்வளவு கஷ்டத்தில் இது ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டேன். இரண்டு குடும்பங்கள் தங்கள் பெற்றோரின் நினைவாகப் "புத்தகம் வாங்க" என்று எழுதிக் கொடுத்த காசு. இங்கிலாந்துச் சட்டப்படி ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இன்னதற்கு என்று குறித்துக் கொடுத்த காசை அதற்கு மட்டும்தான் செலவழிக்கலாம். வாடகை கட்டக் காசில்லாமல் கதவு பூட்டப்பட்டாலும் அந்த 1,150ஐத் தொட முடியாது. இருக்கும் புத்தகமோ போதும். அலுமாரியில் ஊரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த தரம் மூன்று, தரம் நாலு புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருக்கின்றன. வீட்டில் ஆங்கிலம் பேசும் எட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கள் தரம் மூன்று புத்தகம் மலை. அரிவரி ரீச்சர் தான் எழுதிய பத்துச் சொல் பேப்பரைத்தான் போட்டோகொப்பி அடித்துக் கொடுக்கிறா. அவவுக்கு வேண்டியது கொப்பி அடிக்கக் காசும் நல்ல தடித்த மட்டையும் அகலக் கோடு போட்ட கொப்பியும்தான்.

புத்தகம் கொடுத்தால் உள்ளே பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். ஆறாம் நம்பர் வகுப்பறையின் பங்குனி மாத வாடகைக்குப் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுப்பதில்லை. நானும் என் அம்மாவின் திவசத்துக்கு ஒரு நூலகத்துக்குப் புத்தகம்தான் வாங்கிக் கொடுத்தேன், ஆகவே உங்களை மட்டும் குறை சொல்லவில்லை.

கொடுக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. குறிப்பில் "பொதுச் செலவுக்கு" என்று மட்டும் எழுதுங்கள். இங்கிலாந்தில் வருமான வரி கட்டுகிறவர்கள் கிப்ட் எயிட் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து பள்ளிக்கு மேலதிகமாக வரும். உங்கள் பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தை நன்கொடை என்று எழுதி அதில் சேர்க்க முடியாது, அது நீங்கள் வாங்கும் ஒன்றுக்கான விலை. அப்படி எழுதச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒரே தடவை பெரிய தொகையை விட மாதம் பத்துப் பவுண் நல்லது, ஏனென்றால் வாடகையும் மாதம் மாதம்தான் வருகிறது.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வாக்கெடுத்தார்கள். மண்டபத்தை விடுவது மூன்று வாக்கு வித்தியாசத்தில் வென்றது. எதிர்த்தவர்களில் ஒரு பெரியவர் எழும்பி, "பதினாறு வருஷமாய் இந்த மண்டபத்திலை எல்லாப் பிள்ளையும் ஒண்டாய் நிண்டு பாடினதுகள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. ரீச்சர்மாருக்கு எடுத்த முடிவைத் திருப்பி எடுத்தார்கள், தலைவர் நேரே போய் ஒவ்வொருவரிடமும் பேசினார்.

ஆனால் அரிவரி ரீச்சர் அதற்கிடையில் இன்னொரு பள்ளிக்கு வருவதாகச் சொல்லிவிட்டா. அங்கே 20 பவுண்தானாம். நான் திரும்பி வந்து இரண்டு மாதம். அரிவரிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, பத்தொன்பது பிள்ளைகளையும் இரண்டாம் வகுப்பு ரீச்சர் சேர்த்து வைத்துப் பார்க்கிறா என்று மகள் சொன்னாள். லண்டனில் வடமேற்குப் பக்கம் இருக்கும் என் பிள்ளைகளில், சனிக்கிழமை காலை நேரம் உள்ளவர், சின்னப் பிள்ளைகளோடு பொறுமை உள்ளவர் யாராவது இருந்தால் எனக்குத் தனியே எழுதுங்கள். பஸ் காசு உண்டு.

கனடாத் தம்பி, பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு.